59க்குப் பிறகு 40

டிஜிட்டல் கடிகாரத்தில் வினாடி 57, 58, 59 என்று ஒழுங்காக ஓடுகிறது. அடுத்து 00 வர வேண்டும், 40 வருகிறது. நிமிடமும் ஏறவில்லை. மறுபடி 59 வரை போய், மறுபடி 40. 7493 சிப்பை வைத்துக் கடிகாரம் கட்டும்போது வரக்கூடிய கோளாறு இது. ஒயரிங்கை எத்தனை முறை சரிபார்த்தாலும் பிழை அகப்படாது, ஏனென்றால் ஒயரிங் சரியாகத்தான் இருக்கிறது.

7493 என்பது 0 முதல் 15 வரை எண்ணும் கவுண்டர். உள்ளே நான்கு ஃபிளிப்ஃப்ளாப்கள். அவற்றின் வெளியீடுகளுக்கு 1, 2, 4, 8 என்று மதிப்பு. வினாடியின் பத்தாம் இடத்துக்கு 0 முதல் 5 வரை போதும். அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. 6 என்றால் 2-பிட்டும் 4-பிட்டும் ஒன்றாக உயர்ந்திருக்கும். அந்த இரண்டையும் சிப்பின் இரண்டு ரீசெட் கால்களில் இணைத்துவிட்டால், எண்ணிக்கை 6ஐத் தொட்டதும் எல்லாம் பூஜ்யமாகிவிடும்.

சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. வரவே கூடாத 6 வந்தால்தான் ரீசெட் நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் சில பத்து நானோ வினாடிகளுக்கு அந்த 6 உண்மையிலேயே வெளியீட்டில் நிற்கிறது. 5இல் தாழ்ந்திருந்த 2-பிட் 6க்காக ஒரு முறை துள்ளி விழுகிறது. இதுதான் கிளிச். டிஸ்பிளேயில் கண்ணுக்குத் தெரியாது. அந்த 2-பிட்டை வேறொரு கவுண்டரின் கிளாக்காகக் கொடுத்தால், அது இந்தத் துள்ளலையும் ஒரு துடிப்பாக எண்ணிவிடக்கூடும்.

40க்குக் காரணம் இன்னும் ஆழமானது. ரீசெட் துடிப்பு தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. 2-பிட், 4-பிட் இரண்டில் எது முதலில் பூஜ்யமானாலும் ரீசெட் நிபந்தனை உடைந்துவிடும். 2-பிட் சற்று முந்தினால், 4-பிட் முழுதாக அணையும் முன்பே ரீசெட் விலகலாம். போதாக்குறைக்கு, 7493இல் 2-பிட் விழுவதே 4-பிட்டுக்குக் கிளாக். ரீசெட் விலகும் அதே வேளையில் அந்தக் கிளாக்கும் வந்து சேர்கிறது. 4-பிட் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. அது உயர்ந்தே நின்றுவிட்டால் பத்தாம் இடத்தில் 4, திரையில் 40. நிமிடக் கவுண்டர் 4-பிட் விழுவதைப் பார்த்துத்தான் ஏறும். அது விழாததால் நிமிடமும் நகரவில்லை. மாறாக 4-பிட் முந்தி அணைந்து 2-பிட் தப்பிவிட்டால் நிமிடம் ஏறும், வினாடி 20இலிருந்து தொடங்கும். ஆகவே திரையில் வரும் தவறான எண்ணே எந்த பிட் தப்பியது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பல சிப்களில் இது வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடுவதும் உண்மை. ஆனால் வெப்பம், மின்னழுத்தம், வெளியீட்டில் தொங்கும் ஒயரின் நீளம் எல்லாமே அந்த நானோ வினாடிகளை மாற்றும். ஆசிலாஸ்கோப்பின் புரோபை வைத்ததும் கோளாறு மறைந்து, எடுத்ததும் திரும்பலாம். புரோபின் சிறு கெப்பாசிட்டன்ஸே ஒரு பிட்டைத் தாமதப்படுத்தப் போதுமானது.

எல்லா ஃபிளிப்ஃப்ளாப்களும் ஒரே கிளாக்கில் மாறும் 74161க்குப் போனால் நிலைமை தேறும் என்று தோன்றும். அதில் வேறொரு வகைத் தவறு காத்திருக்கிறது. 3இலிருந்து 4க்குப் போகையில் 2-பிட் விழ வேண்டும், 4-பிட் எழ வேண்டும். எழுவது ஒரு நொடிப்பொழுது முந்தினால் இரண்டும் உயர்ந்து, போலியான 6 தோன்றும். 74161இன் ரீசெட் கிளாக்குக்குக் காத்திருக்காது. 39க்குப் பின் 00 வந்துவிடும். 7493இல் இந்தப் போலி வராது. அங்கே 2-பிட் விழுந்த பிறகே 4-பிட் எழுகிறது.

எஃப்பிஜிஏவில் எழுதும் இந்த வெரிலாக் வரிகளிலும் இதே வலை இருக்கிறது:

```verilog
assign r = (q == 3'd6);
always @(posedge clk or posedge r)
  if (r) q <= 3'd0;
  else   q <= q + 3'd1;
```

தாமதமே கணக்கில் வராத சிமுலேஷனில் 6 தோன்றும் கணத்திலேயே மறைந்துவிடும். 5க்கு அடுத்து 0 என்று படம் சுத்தமாக இருக்கும். போர்டில் ஏற்றியபின்தான் உண்மையான ஒயர்களும் அவற்றின் தாமதங்களும் வருகின்றன.

நம்பகமான வழிக்கு 74163 உண்டு. அதன் ரீசெட் கால் கிளாக் விளிம்பில் மட்டுமே பார்க்கப்படுகிறது. ஆகவே 6க்குக் காத்திருக்கத் தேவையில்லை. 5ஐ அடையாளம் கண்டு ரீசெட்டைத் தயாராக வைத்தால் அடுத்த கிளாக்கில் எல்லா பிட்களும் சேர்ந்தே பூஜ்யமாகும். நடுவில் கேட்டில் போலித் துள்ளல் வந்தாலும், அடுத்த விளிம்புக்குள் அடங்கிவிட்டால் பாதிப்பில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஒன்றாம் இடமும் பத்தாம் இடமும் ஒரே கிளாக்கில் ஓடினால், பத்தாம் இடத்தின் 5ஐ மட்டும் பார்ப்பது போதாது. 74163இல் ரீசெட், எண்ணும் அனுமதியைவிட முன்னுரிமை பெற்றது. 50 வந்த அடுத்த வினாடியே பத்தாம் இடம் பூஜ்யமாகி 01 காட்டும். ஒன்றாம் இடத்தின் 9ஐயும் சேர்த்து, 59 என்ற முழு எண்ணையே கேட் அடையாளம் காண வேண்டும்.