அழிக்காமல் திருத்தும் கணக்கு

2023 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் கம்பெனிகள் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்களுக்கு ஒரு கட்டாயம் வந்தது. கணக்கைக் கணினி மென்பொருளில் எழுதுவதாக இருந்தால், ஒவ்வொரு பதிவிலும் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும், அது செய்யப்பட்ட தேதியோடு அந்த மென்பொருளே குறித்து வைக்க வேண்டும். அந்த வசதியை யாரும் நிறுத்தி வைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். 2021 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு, இரண்டு முறை தள்ளிப்போய், பிறகு நடைமுறைக்கு வந்த விதி இது. அந்த வசதி ஆண்டு முழுக்க இயங்கியதா, அதில் யாராவது கைவைத்தார்களா என்று தணிக்கையாளர் தம் அறிக்கையில் சொல்லியாக வேண்டும்.

பெரும்பாலான மென்பொருள்கள் இதற்குச் சுலபமான வழியைப் பிடித்தன. கணக்கு இருக்கும் அட்டவணை இருந்தபடியே இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு அட்டவணையைச் சேர்த்து, யாராவது தொகையைத் திருத்தினால் பழைய தொகையையும் புதிய தொகையையும் அதில் எழுதுகிறார்கள். சட்டம் கேட்பதற்கு இது போதும். ஆனால் இதில் ஒரு பலவீனம் உண்டு. மென்பொருளின் திரை வழியாகச் செய்த திருத்தம் அந்தக் குறிப்பில் விழும். தரவுத்தளத்துக்குள் நேராக நுழைந்து தொகையை மாற்றினால் விழாமல் போகலாம். 2023-24 நிதியாண்டுக்கான தணிக்கை அறிக்கைகள் பலவற்றில், தரவுத்தள மட்டத்தில் இந்தக் குறிப்பு வசதி இயங்கவில்லை என்று தணிக்கையாளர்கள் எழுதியதற்குக் காரணம் இதுதான். கணக்கு ஓரிடத்தில், கணக்கின் வரலாறு வேறிடத்தில் என்று இருக்கும்வரை இரண்டும் ஒத்துப்போகின்றன என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வரலாற்றையே கணக்காக வைப்பது இதற்கு மாற்று. மென்பொருள் துறையில் இதை ஈவென்ட் சோர்சிங் என்கிறார்கள். இருப்புத் தொகையை அசல் தரவாகச் சேமிப்பதில்லை. பணம் கொடுத்தது, வந்தது, பில் போட்டது, பில்லை ரத்து செய்தது என்று நடந்த ஒவ்வொன்றையும் வரிசை எண்ணோடு ஒன்றன்பின் ஒன்றாக எழுதுகிறார்கள். எழுதியதைத் திருத்துவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. இருப்பு வேண்டுமென்றால் அந்த வரிசையைக் கூட்டிப் பெற வேண்டியதுதான். குறிப்பேட்டில் எழுதிப் பேரேட்டில் ஏற்றும் இரட்டைப் பதிவு முறையின் ஒழுங்கு இது; தவறான பதிவை அடிக்காமல் எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்வது கணக்கர்களின் பழைய வழக்கம். அந்த ஒழுங்கைக் கணினியின் அடித்தளத்திலேயே கட்டாயமாக்குவதுதான் இங்கே புதிது.

ஒரு லாரி வாடகை

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபார நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூன் 12 அன்று லாரி வாடகையாக 48,000 ரூபாய் வங்கி வழியாகக் கொடுக்கிறார்கள். பதிவு செய்தவர் இலக்கங்களை இடம் மாற்றி 84,000 என்று அடித்துவிடுகிறார். லாரி வாடகைக் கணக்கில் பற்று 84,000, வங்கிக் கணக்கில் வரவு 84,000. இரண்டு பக்கமும் ஒரே தவறான தொகை என்பதால் இருப்பாய்வு சரியாகவே நிற்கும். ஜூலை 3 அன்று, கடன் கொடுத்த வங்கிக்கு ஜூன் மாத அறிக்கை போகிறது. அதில் ஜூன் 30-இன் வங்கி இருப்பு 2,16,000 ரூபாய் என்று இருக்கிறது.

ஜூலை 8 அன்று வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடும்போது வங்கியின் கணக்கில் 2,52,000 இருப்பது தெரிகிறது. வித்தியாசம் 36,000. அது ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது கணக்கர்களுக்குத் தெரிந்த தடயம். அதைப் பிடித்துக்கொண்டு லாரி வாடகைப் பதிவைக் கண்டுபிடிக்கிறார்கள்.

வழக்கமான மென்பொருளில் 84,000 என்பதை 48,000 ஆக்கினால் வேலை முடிந்தது. ஈவென்ட் சோர்சிங்கில் பழைய பதிவு அப்படியே நிற்க, இரண்டு புதிய பதிவுகள் சேர்கின்றன. வங்கிக் கணக்கின் பக்கத்தை மட்டும் எடுத்துக்காட்டினால் இப்படி இருக்கும்:

```
seq   type             effective   recorded    user  bank
4117  PaymentRecorded  2024-06-12  2024-06-12  u07   -84000
4390  PaymentReversed  2024-06-12  2024-07-08  u03   +84000  ref=4117
4391  PaymentRecorded  2024-06-12  2024-07-08  u03   -48000  ref=4117
```

ஒவ்வொரு வரியிலும் இரண்டு தேதிகள் இருப்பதைக் கவனியுங்கள். `effective` என்பது பணம் உண்மையில் கைமாறிய நாள். `recorded` என்பது அதைக் கணினி எழுதிக்கொண்ட நாள். முதல் தேதியைப் பயனர் தரலாம். இரண்டாவதைக் கணினி மட்டுமே தர வேண்டும். ஜூன் மாதக் கணக்கை ஏற்கெனவே மூடியிருந்தால் எதிர்ப்பதிவின் முதல் தேதியும் ஜூலைக்குப் போகும். இந்த நிறுவனம் இன்னும் மூடவில்லை.

இப்போது தணிக்கையாளர் வருகிறார். வங்கிக்கு 2,16,000 என்று எழுதிக்கொடுத்தீர்கள், உங்கள் கணக்கு 2,52,000 என்கிறது, எது சரி என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்கு நேரான பதில் உண்டு:

```
SELECT SUM(bank) FROM events
WHERE effective <= '2024-06-30'
  AND recorded  <= '2024-07-03';
```

தொடக்க இருப்பும் ஒரு பதிவாகவே வரிசையில் இருப்பதால், இது 2,16,000 என்ற விடையைத் தரும். `recorded` நிபந்தனையை எடுத்துவிட்டால் 2,52,000 வரும். முதலாவது, அன்று நிறுவனம் அறிந்திருந்த நிலை. இரண்டாவது, இன்று தெரிந்த நிலை. இடையில் நடந்தது என்ன, யார் செய்தார் என்பது 4390, 4391 என்ற இரண்டு வரிகளில் இருக்கிறது. வங்கிக்குப் பொய்க்கணக்கு கொடுக்கவில்லை, தெரியாமல் நடந்த பிழை என்பதை யாருடைய நினைவையும் நம்பாமல் காட்ட முடிகிறது.

படிப்பதற்குத் தனி அட்டவணைகள்

ஆனால் ஒவ்வொரு முறையும் இருப்பைப் பார்க்க முதல் வரியிலிருந்து கூட்டிக்கொண்டிருக்க முடியாது. பதிவுகள் லட்சங்களைத் தாண்டினால் திரை நகராது. அதனால் படிப்பதற்கென்று தனி அட்டவணைகளை வைக்கிறார்கள். இவைதான் ரீட் மாடல். வங்கி இருப்புக்கு ஒன்று, எந்த வாடிக்கையாளர் எத்தனை நாளாகப் பாக்கி வைத்திருக்கிறார் என்பதற்கு ஒன்று, ஜி.எஸ்.டி. கணக்குக்கு ஒன்று, தணிக்கையாளருக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு நிரல் உண்டு. அது வரிசையிலிருந்து புதிய பதிவுகளை எடுத்துத் தன் அட்டவணையைப் புதுப்பிக்கும். எந்த எண்வரை படித்தேன் என்றும் குறித்துக்கொள்ளும். இந்த அட்டவணைகளில் எதை அழித்தாலும் நஷ்டமில்லை. வரிசையை முதலிலிருந்து படித்துத் திரும்பக் கட்டிவிடலாம்.

இங்கேதான் நுணுக்கமான தவறுகள் நுழைகின்றன. 4391-ஆம் பதிவை அட்டவணையில் ஏற்றிய நிரல், அந்த எண்ணைக் குறித்துக்கொள்வதற்குள் மின்சாரம் போனதாக வைத்துக்கொள்வோம். திரும்ப எழுந்ததும் அதே பதிவை மறுபடி ஏற்றும். 48,000 இரண்டு முறை கழியும். பற்று, வரவு இரண்டுமே இரட்டிப்பதால் இருப்பாய்வு இதையும் காட்டிக்கொடுக்காது. தொகையை மாற்றுவதையும் எண்ணைக் குறிப்பதையும் பிரிக்க முடியாத ஒரே தரவுத்தளச் செயலாகச் செய்வதே தீர்வு. நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையேல் இரண்டும் நடக்காது. தவறு நுழைந்திருக்கிறதா என்று அறிய, அட்டவணையை ஓரமாக இன்னொரு முறை முதலிலிருந்து கட்டி, ஓடிக்கொண்டிருப்பதோடு ஒப்பிட வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் நிரலில் கோளாறு.

அடுத்தது தாமதம். பதிவு எழுதப்பட்டதற்கும் அட்டவணையில் தெரிவதற்கும் இடையில் ஒரு நொடி ஆகலாம், நெரிசலில் நிமிடங்களும் ஆகலாம். பணம் கொடுத்ததைப் பதிவு செய்த குமாஸ்தா திரையில் பழைய இருப்பைப் பார்த்து, பதிவாகவில்லை என்று நினைத்து மறுபடி அடிப்பார். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் கணினி ஏற்காதபடி செய்ய வேண்டும். இந்தத் திரை 4391-ஆம் பதிவு வரையிலான நிலை என்று ஓரத்தில் காட்டுவதும் நல்லது.

இதைவிட முக்கியம், முடிவுகளைப் படிக்கும் அட்டவணையை நம்பி எடுக்கக் கூடாது. இருப்பு 50,000 என்று பார்த்து இருவர் ஒரே நேரத்தில் 40,000 கொடுக்க முயன்றால், அட்டவணை இருவருக்கும் சம்மதம் சொல்லிவிடும். சரியான முறையில், அந்த வங்கிக் கணக்கின் பதிவுகள் இன்ன எண்ணில் நிற்கும்போது நான் முடிவெடுத்தேன் என்று சொல்லித்தான் புதிய பதிவை எழுத வேண்டும். அதற்குள் வேறொரு பதிவு நுழைந்திருந்தால் எழுதுவது மறுக்கப்படும். இரண்டாமவர் புதிய இருப்பைப் பார்த்து மீண்டும் முடிவெடுப்பார்.

பழைய பதிவு, புதிய விதி

கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். அத்தனை காலமும் பழைய பதிவுகளைத் திரும்பப் படித்தால் அதே விடை வர வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின, 12 சதவீதத்தில் இருந்த பல பொருட்கள் 5 சதவீதத்துக்கு வந்தன. பதிவில் பொருளின் விலையை மட்டும் எழுதி, வரியை அவ்வப்போது கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று விட்ட நிறுவனம், அதன் பிறகு அட்டவணையைத் திரும்பக் கட்டினால் 2024-இன் பில்களிலும் புதிய வரி ஏறிவிடும். விகிதம், வரித்தொகை இரண்டையும் பில் போட்ட நேரத்திலேயே பதிவுக்குள் எழுதிவிட வேண்டும். திரும்பப் படிக்கும்போது வெளியே எதையும் கேட்கக் கூடாது.

திருத்த முடியாது என்பதும் தானாக வந்துவிடாது. தரவுத்தளத்தின் நிர்வாகி நினைத்தால் 4117-ஆம் வரியை மாற்ற முடியும். அதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு பதிவிலும் அதற்கு முந்தைய பதிவிலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீட்டைச் சேர்க்கிறார்கள். நடுவில் ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்னால் வரும் குறியீடுகள் எல்லாம் பொருந்தாமல் போகும். ஆனால் முழு அதிகாரம் உள்ளவர் அத்தனையையும் புதிதாகக் கணக்கிட்டு எழுதிவிடலாம். அதனால் அன்றன்றைய கடைசிக் குறியீட்டை நிறுவனத்தின் கைக்கு எட்டாத இடத்தில், தணிக்கையாளரிடமே கூட, கொடுத்து வைத்தால்தான் அந்தச் சங்கிலிக்குப் பலம்.

இத்தனை ஏற்பாடும் எல்லோருக்கும் தேவையில்லை. மாதம் இருநூறு பில் போடும் கடைக்கு வழக்கமான மென்பொருளின் திருத்தக் குறிப்பே போதும். பல கிளைகள், பல பேர் கைவைக்கும் கணக்கு, வங்கிக்கும் வரித்துறைக்கும் பழைய நிலையை அடிக்கடி நிரூபிக்க வேண்டிய நிறுவனம் என்றால் இந்தச் செலவு நியாயமானது. அப்படி ஒரு மென்பொருளை வாங்கும்போது, விற்பவரிடம் ஒரு சோதனை கேளுங்கள். எல்லாப் படிக்கும் அட்டவணைகளையும் அழித்து, பதிவுகளிலிருந்து மட்டும் திரும்பக் கட்டி, போன மார்ச் 31 தேதியிட்ட ஐந்தொகையை, தணிக்கையாளர் கையெழுத்திட்ட நாள்வரை எழுதிய பதிவுகளோடு எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட ஐந்தொகையோடு அது ரூபாய் தவறாமல் ஒத்துப்போனால், அந்த நிறுவனத்தின் கணக்கு உண்மையிலேயே பதிவுகளில்தான் இருக்கிறது.