நிறுத்தத்தில் இல்லாத பெண்கள்

இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்டால், “எங்க ஊர்ல இதை யாரும் பண்ணலை சார்” என்று சொல்லும் மாணவர்கள் அதிகம். யாரும் தொடாததெல்லாம் ஆய்வு இடைவெளி ஆகிவிடாது. இருக்கும் ஆய்வுகளின் முடிவு எந்த இடத்தில் போதாமல் போகிறது என்று காட்டினால்தான் அது இடைவெளி.

ஒரு மாணவியை நினைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை எடுத்துக்கொண்டு, தன் ஊர்ப் பெயரையும் தலைப்பில் சேர்த்துக் கொண்டுபோகிறாள். “ஏம்மா, உன் ஊர்ல மட்டும் வேற என்ன நடந்துடும்?” என்கிறார் நெறியாளர். பதில் இல்லை.

அவள் இருபது கட்டுரைகளைத் திரட்டி ஓர் அட்டவணை போடுகிறாள். கட்டுரைக்கு ஒரு வரிசை. ஊர், ஆண்டு, யாரிடம் கேட்டார்கள், எங்கே வைத்துக் கேட்டார்கள், என்ன கண்டார்கள் என்று பத்திகள். கட்டுரைகளைத் தனித்தனியாகச் சுருக்கி எழுதியபோது தெரியாதது, நான்காம் பத்தியை மேலிருந்து கீழே படித்ததும் தெரிகிறது. ஏறக்குறைய எல்லோரும் பேருந்து நிறுத்தத்திலோ பேருந்துக்குள்ளோ கேட்டிருக்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் பேருந்தில் போகிறவர்கள்தானே! மாதம் இவ்வளவு மிச்சம் என்ற முடிவு அவர்களுக்குச் சரி. இலவசப் பேருந்து இருந்தும் காசு கொடுத்து ஷேர் ஆட்டோவில் போகும் பெண்ணைப் பற்றி அந்த முடிவு எதுவும் சொல்லாது. ஊர்ப்பெயர் தராத இடைவெளியை இது தருகிறது.

உடனே எழுதத் தொடங்கிவிடக் கூடாது. நாம் தேடிய சொல்லில் கிடைக்கவில்லை என்பதும், அப்படி ஓர் ஆய்வே இல்லை என்பதும் வேறு வேறு. போக்குவரத்துப் பொறியியல்காரர்கள் இதையே fare-free என்றோ zero-fare என்றோ எழுதியிருக்கலாம். டெல்லியில் 2019-இலும் கர்நாடகத்தில் 2023-இலும் இத்தகைய திட்டங்கள் வந்தன; அங்கே pink ticket, Shakti என்று தேட வேண்டும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ‘சோத்கங்கா’ களஞ்சியம் இருக்கிறது. முக்கியமான இரண்டு மூன்று கட்டுரைகளுக்கு, கூகுள் ஸ்காலரில் Cited by என்பதை அழுத்தினால் பின்னால் வந்தவர்கள் வரிசையாக நிற்பார்கள்.

இவ்வளவு தேடியபின் இதே கேள்வியோடு ஓர் ஆய்வேடு தட்டுப்பட்டால் பாதிப் பேர் தலைப்பையே கைவிடுகிறார்கள். அவசரம் என்பேன். அதன் கடைசி அத்தியாயத்தில் ‘வரம்புகள்’ பகுதியைப் படிக்கலாம். பகல்நேர வேலைக்காரர்களிடம் மட்டும் கேட்டிருந்தால், இரவு ஒன்பதுக்கு ஜவுளிக்கடை விட்டு வெளியே வருகிறவர்கள் மிச்சம் இருக்கிறார்கள்.

கேள்வி ஒரு பருவத்துக்குள் முடிகிற அளவில் இருக்க வேண்டும். மாநிலம் முழுக்க அவளால் அலைய முடியாது. ஒரு கடைவீதியில் இருபது பெண்களிடம் உட்கார்ந்து பேச முடியும். முதல் அத்தியாயத்தில் அவள் எழுதிய “இதுவரை யாருமே ஆராயவில்லை” என்ற வரியை நெறியாளர் பென்சிலால் அடித்து, மேலே எழுதுகிறார்: “நான் பார்த்த ஆய்வுகள் பயணிகளிடம் மட்டுமே கேட்டுள்ளன.”