வெளிநாட்டுப் பள்ளியிடம் வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் கேட்டு எழுதுவது எப்படி?

வெளிநாட்டில் வேலை முடிந்து குடும்பத்தோடு ஊர் திரும்பும் பெற்றோர், பிள்ளையை இங்குள்ள இடைநிலைப்பள்ளியில் சேர்க்கப் போகும்போது முதலில் கேட்கப்படுவது பழைய பள்ளியின் பதிவுகள்தான். கையில் தாள் இல்லையென்றால் அங்கு எழுதிக் கேட்க வேண்டும். தமிழில் குறிப்பு எழுதி, அதை ஆங்கிலத்தில் மாற்றித் தரும்படி உறவினரிடம் கொடுப்பது நம்மில் பலரின் வழக்கம். அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றினால் என்ன ஆகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஈராண்டு படித்துத் திரும்பிய கவின் என்ற மாணவனின் தாய் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"ஐயா, என் மகன் மு. கவின் உங்க பள்ளியில ரெண்டு வருசம் படிச்சான். அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாம போனதால போன 7ஆம் மாசம் அவசரமா ஊருக்கு வந்துட்டோம். ஒழுங்கா பள்ளிக்கு வந்தான்னு ஒரு கடிதமும் மார்க்கும் வேணும். தயவுசெஞ்சு உதவி பண்ணுங்க."

நமக்கு இது தெளிவாகப் புரிகிறது. அங்குள்ள பள்ளி அலுவலருக்குப் புரியாது.

முதல் சிக்கல் பெயர். கடப்பிதழில் 'கவின் ஏ/எல் முருகன்' என்று இருக்கும். குடும்பப் பெயர் கேட்கும் நாட்டில், பள்ளி அவனைப் பெரும்பாலும் 'முருகன்' என்ற பெயரின் கீழ்தான் பதிந்திருக்கும். கடிதத்தில் 'எம். கவின்' என்று எழுதினால், அலுவலர் 'கவின்' என்ற குடும்பப் பெயரைத் தேடிவிட்டு, அப்படி ஒரு மாணவர் இல்லை என்று பதில் அனுப்பக்கூடும். ஆகவே பள்ளியின் பழைய கடிதத்திலோ ரிப்போர்ட்டிலோ பெயர் எப்படி இருந்ததோ அப்படியே எழுதி, கடப்பிதழில் உள்ள முழுப் பெயரையும் அருகில் குறிப்பிட வேண்டும். பிறந்த தேதியில் மாதத்தை எண்ணாக எழுதாமல் பெயராக எழுதுவது நல்லது.

அடுத்தது, என்ன கேட்கிறோம் என்பது. 'ஒழுங்கா வந்தான்' என்பது நற்சான்று. நமக்கு வேண்டியது 'அட்டெண்டன்ஸ் ரெக்கார்ட்'. இங்கிலாந்துப் பள்ளிகள் காலை ஒரு முறை, பிற்பகல் ஒரு முறை என வருகையைக் குறிக்கின்றன. 190 நாள் கொண்ட ஓர் ஆண்டில் 380 முறை. 10 நாள் முழுதாக வராதவனுக்கு 20 என்று பதிவாகும். அதை 20 நாள் என்று இங்கே யாரும் படித்துவிடக் கூடாது. ஆகவே வருகை விழுக்காட்டையும், குறியீடுகளுக்கான விளக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

மதிப்பெண்ணுக்கு 'டிரான்ஸ்கிரிப்ட்' என்று மட்டும் கேட்டால் போதாது. அங்குள்ள பள்ளிகள் வழக்கமாகத் தருவது ஆண்டிறுதி 'ஸ்கூல் ரிப்போர்ட்'. பாடவாரியான நிலை காட்டும் ஆண்டிறுதி அறிக்கைகள், பள்ளியின் கடிதத்தாளில், கையொப்பத்துடனும் முத்திரையுடனும் வேண்டும் என்று எழுதுங்கள். 'ரெண்டு வருசம்' என்பதை 'இயர் 8, இயர் 9. செப்டம்பர் 2023 முதல் ஜூலை 2025 வரை' என்று விரிக்க வேண்டும். அதை நம் படிவக் கணக்குக்கு மாற்ற வேண்டாம்.

இனி வரிசை. தமிழில் நிலைமையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்போம். ஆங்கில அலுவல் கடிதம் கேட்பதில் தொடங்கும். மாற்றி எழுதிய கடிதத்தின் பொருள் இப்படி அமையும்:

"உங்கள் முன்னாள் மாணவர் கவின் முருகனின் (பிறப்பு: 12 மே 2011) வருகைப் பதிவையும் ஆண்டிறுதி அறிக்கைகளையும் வேண்டி எழுதுகிறேன். அவர் செப்டம்பர் 2023 முதல் ஜூலை 2025 வரை இயர் 8, இயர் 9 வகுப்புகளில் படித்தார். மலேசியாவில் பள்ளியில் சேர இவை தேவைப்படுகின்றன. என் கடப்பிதழ் நகலும் அவரது பிறப்புப் பத்திர நகலும் இணைக்கப்பட்டுள்ளன."

அப்பாவின் உடல்நிலை இதில் இல்லை. அது பொய்யோ தேவையற்ற துயரமோ அல்ல. பதிவைத் தேடி எடுக்க அது உதவாது, அவ்வளவுதான். 'டூ தி நீட்ஃபுல்' என்று முடிப்பதும் வேண்டாம். எந்தத் தாள், எந்த முகவரிக்கு என்று சொல்லி முடியுங்கள். கடிதத்தை வகுப்பாசிரியருக்கு அனுப்பாமல் பள்ளி அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பிள்ளை பதின்ம வயதினராக இருந்தால், அவர் கையொப்பமிட்ட ஒப்புதலையும் இணைப்பது நல்லது.

இங்கிலாந்தில் உள்ளூராட்சி நடத்தும் பள்ளிகள், பெற்றோர் எழுத்து மூலம் கேட்டால் 15 பள்ளி நாள்களுக்குள் கல்விப் பதிவைத் தர வேண்டும். 'அகாடமி' வகைப் பள்ளிகளுக்கு அந்த விதி இல்லை. அங்கே தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு மாதத்திற்குள் கேட்டுப் பெறலாம். 'பள்ளி நாள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஜூலைக் கடைசியில் மூடும் பள்ளி செப்டம்பரில்தான் திறக்கும். அந்த ஆறு வாரம் கணக்கில் சேராது. பிள்ளை வீட்டிலேயே காத்திருக்கும் நாள்கள் அவை. ஆகவே முடிந்தால், ஊருக்குப் புறப்படும் முன் பள்ளி அலுவலகத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.