திருப்பூர் மெயில் லண்டன் போகிறது

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் மெர்ச்சண்டைசர், லண்டனில் இருக்கும் பையருக்கு இப்படி ஒரு மெயில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் தினமும் எழுதப்படும் மெயில்தான் இது.

“ரெஸ்பெக்டட் மேடம், வி ரிசீவ்டு லேப் டிப் அப்ரூவல் ஆன் 14 ஜூலை ஒன்லி. ஸோ பல்க் டையிங் காட் டிலேயிட். வி வில் ட்ரை அவர் லெவல் பெஸ்ட் டு ஷிப் ஆன் 25 ஆகஸ்ட். ஆல்ஸோ வி ஹேவ் எ டவுட் இன் யுவர் சைஸ் ஸ்பெக். கைண்ட்லி டு த நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட்.”

இலக்கணப் பிழை என்று பெரிதாக எதுவும் இல்லை. சென்னைக்கோ மும்பைக்கோ போனால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். லண்டன் மேஜையில்தான் பொருள் நழுவும். இதை அங்குள்ள வழக்குக்கு மாற்றி எழுதுபவர், அழகான ஆங்கிலத்தைத் தேடுவதற்கு முன் மெர்ச்சண்டைசர் மனதில் தமிழில் என்ன இருந்தது என்று தேட வேண்டும்.

முதல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் ‘ஒன்லி’யைப் பாருங்கள். அது நம் ‘தான்’. “14-ஆம் தேதிதான் அப்ரூவல் வந்தது” என்பதில் ஒரு முறையீடு இருக்கிறது. லேப் டிப் என்பது சாயம் ஏற்றி நிறத்துக்கு ஒப்புதல் கேட்டு அனுப்பும் சிறு துணித்துண்டு. அதற்குச் சரி என்று பதில் வராமல் மொத்தத் துணியைச் சாயத்தில் போட முடியாது. 7-ஆம் தேதி வர வேண்டிய ஒப்புதல் ஒரு வாரம் தாமதம்; தாமதித்தது பையர். மாற்றி எழுதுபவர் ‘ஒன்லி’யைத் தேவையில்லாத சொல் என்று வெட்டிவிட்டால், வாக்கியம் சுத்தமாகிவிடும், முறையீடு காணாமல் போய்விடும். இந்த இடத்தில் ஆங்கிலேயர் சொல்வது, “வி டிட்ன்ட் ரிசீவ் அப்ரூவல் அன்டில் 14 ஜூலை.” குற்றம் சாட்டும் தொனி இல்லை, தாமதம் யாருடையது என்பது தெளிவு.

‘டவுட்’ இதைவிட ஆபத்தானது. தமிழில் சந்தேகம் கேட்பது பணிவு. “உங்கள் அளவுப் பட்டியலில் எங்களுக்கு டவுட் இருக்கிறது” என்றால் லண்டன்காரருக்கு, பட்டியலையே நம்பவில்லை என்று கேட்கும். “வி ஹேவ் எ கொஸ்டின்” என்று மாற்றினால் போதாது, கேள்வியையே எழுத வேண்டும்: மார்பளவு 52 செ.மீ. என்று போட்டிருக்கிறீர்களே, அதைக் கைக்குழியை ஒட்டி அளப்பதா, 2.5 செ.மீ. கீழே அளப்பதா? அப்படிக் கேட்காவிட்டால், “என்ன சந்தேகம்?” என்று ஒரு மெயில் வரும், ஒரு நாள் போகும்.

‘டு த நீட்ஃபுல்’ ஒரு காலத்தில் பிரிட்டனிலேயே புழங்கிய தொடர். அங்கே வழக்கொழிந்தது, இங்கே நிலைத்துவிட்டது. பழசு என்பதைவிட, ஆவன செய்யச் சொல்லும் அந்தத் தொடர் எது ஆக வேண்டும் என்று சொல்வதில்லை என்பதே சிக்கல். இங்கே ஆக வேண்டியது ஒன்றுதான்: ஆர்டரில் உள்ள 18 ஆகஸ்ட் என்ற தேதியை 25 என்று திருத்தித் தர வேண்டும். நம்மவர்கள் காரணத்தை முதலில் அடுக்கி, கேட்க வேண்டியதைக் கடைசியில் மறைமுகமாகக் கேட்பார்கள். மாற்றி எழுதும்போது அது முதல் வரிக்கு ஏறும், கேள்வி வடிவில்: “குட் யூ மூவ் த ஷிப் டேட் ஃப்ரம் 18 டு 25 ஆகஸ்ட்?” ‘கைண்ட்லி’ போட்டு ஏவுவதைவிட அவர்கள் காதுக்கு இதுவே மரியாதை. மாதத்தை எழுத்தில் எழுதுவதும் நல்லது. 05/08 என்பது லண்டனில் ஆகஸ்ட் 5, நியூயார்க்கில் மே 8.

‘வில் ட்ரை’யில்தான் கை நடுங்க வேண்டும். சரளமாக இருக்கட்டும் என்று “வி வில் ஷிப் ஆன் 25 ஆகஸ்ட்” என்று எழுதிவிட்டால் அது வாக்குறுதி. அந்தத் தேதி தவறினால், கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பச் சொல்லி, செலவைக் கம்பெனி தலையில் கட்ட பையருக்கு ஆதாரம் கிடைத்துவிடும். ஊகித்து எழுதுவதைவிட மெர்ச்சண்டைசரைத் தமிழில் கேட்டுவிடுவதே வழி.

“25-க்கு அனுப்பிருவீங்களா?”

“சொல்ல முடியாதுங்க. டையிங்ல இருந்து துணி வரோணும், அப்பறந்தான் தெரியும்.”

இந்தப் பதிலுக்குப் பொருந்துவது, “வி ஆர் எய்மிங் ஃபார் 25 ஆகஸ்ட் அண்ட் வில் கன்ஃபர்ம் ஒன்ஸ் த ஃபேப்ரிக் இஸ் பேக் ஃப்ரம் டையிங்.” “போயிருமுங்க, ஒண்ணும் பிரச்சினையில்ல” என்று அவர் சொல்லியிருந்தால் ‘வி வில் ஷிப்’ தாராளமாகப் போடலாம். ‘லெவல் பெஸ்ட்’ எந்த வகையிலும் வேண்டாம். பையருக்கு வேண்டியது தேதி.

பல கம்பெனிகளின் மெயில் முதலில் உள்ளூர் பையிங் ஹவுஸுக்குப் போகிறது. அங்கே இருப்பவருக்கு ‘நீட்ஃபுல்’ நன்றாகவே புரியும், அதனால் மாற்றி எழுத வேண்டாம் என்று தோன்றலாம். ஆனால் வேலை நெருக்கடியில் அவர் அந்த மெயிலை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே லண்டனுக்குத் தள்ளிவிடுவார்.