பெரிய வான்கோழி உள்ளேயும் வெந்துவிட்டதா?

கனடாவில் ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி நவிலல் நாள். ரொறன்ரோவில் வாழும் எங்களுடைய குடும்பங்கள் பலவற்றிலும் அன்று வான்கோழி உண்டு. இங்கே உணவகமொன்றில் சமையல் வேலை செய்யும் எனக்கு அந்தக் கிழமை முழுவதும் தொலைபேசி அழைப்புகள் வரும். கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, எத்தனை மணித்தியாலம் வைக்க வேணும்?"

இதற்கு நான் பதில் சொல்வதற்கு முன்னர் இரண்டு விடயங்களைக் கேட்பேன். வான்கோழியின் நிறை என்ன? ஃப்ரீசரிலிருந்து எப்போது வெளியே எடுத்தீர்கள்?

ஏழு கிலோ, அதாவது பதினைந்து இறாத்தல் அளவான வான்கோழியை எடுத்துக்கொள்வோம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பனி இளக்குவதற்குக் கிலோவுக்குப் பத்து மணித்தியாலம் வேண்டும். ஏழு கிலோவுக்கு 70 மணித்தியாலம், ஏறத்தாழ மூன்று நாட்கள். திங்கள் விருந்துக்கு வியாழன் இரவே அதை ஃப்ரீசரிலிருந்து குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். கசியும் நீர் வேறு உணவில் படாதபடி அடியில் ஒரு பாத்திரம் இருக்கட்டும்.

சமையலறை மேசையில் இரவு முழுக்க வைத்து இளக்குவது ஆபத்தானது. உள்ளே கட்டியாக இருக்கும்போதே வெளித்தசை அறை வெப்பநிலைக்கு வந்துவிடும். 4 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையில்தான் சல்மொனெல்லா போன்ற பக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவசரமென்றால் உறையோடு குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். கிலோவுக்கு ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் அப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும்.

இளகியதா என்பதைக் கைதான் சொல்லும். வயிற்றுக்குள் கையை விட்டால் பனிக்கட்டி தட்டுப்படக்கூடாது, தொடை மூட்டு இலகுவாக அசைய வேண்டும். ஈரல், கழுத்து முதலியன அடங்கிய பொதியை அப்போதே வெளியே எடுத்துவிடுங்கள். குழாயின் கீழ் பிடித்துக் கழுவ வேண்டாம். தெறிக்கும் நீர் கிருமியைச் சமையலறை எங்கும் பரப்பும். கடதாசித் துவாயால் ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும்.

ஓவனை 165 பாகை செல்சியசில், அதாவது 325 பாகை பரனைற்றில் வையுங்கள். பெரிய வான்கோழிக்கு இதற்கு மேல் வெப்பம் கூடினால் தோல் கருகும், எலும்போரம் பச்சையாக இருக்கும். உள்ளே எதுவும் அடைக்காத ஏழு கிலோ வான்கோழிக்கு மூன்றே முக்கால் முதல் நாலே கால் மணித்தியாலம் செல்லும். அடைத்தால் நேரம் இன்னும் கூடும். அடைத்த பொருளும் 74 பாகையை எட்டியாக வேண்டும் என்பதால், அதனைத் தனியாகச் சமைப்பதே நல்லது.

எங்கள் சமையலில் ஒரு சிக்கல் உண்டு. மிளகாய்த்தூளும் மஞ்சளும் தயிரும் பூசிய தோல், இரண்டு மணித்தியாலத்திலேயே நன்றாகச் சிவந்து, வெந்தது போலத் தோன்றும். நிறத்தை நம்பி இறக்கினால் தொடை வேகாமல் இருக்கும். ஆகவே நெஞ்சுப்பகுதி சிவந்ததும் அதன் மேல் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிட்டு, வேகவிடுங்கள். நெஞ்சு உலர்ந்து போவதையும் அது குறைக்கும்.

கடிகாரம் சொல்வது எப்போது பார்க்கத் தொடங்குவது என்பதை மட்டும்தான். மூன்றரை மணித்தியாலத்தில் வெப்பமானியைத் தொடையின் தடித்த பகுதியில், எலும்பில் முட்டாமல் குத்திப் பாருங்கள். முழுக் கோழியினங்களுக்குக் கனேடிய சுகாதாரத் துறை சொல்லும் அளவு 82 பாகை செல்சியஸ். எட்டவில்லையானால் திரும்ப உள்ளே வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். மேசையில் சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் இருப்பார்கள். வேகாத இறைச்சியால் வரும் வயிற்றோட்டம் அவர்களைத்தான் கடுமையாகத் தாக்கும்.

வெளியே எடுத்தவுடன் வெட்டினால் சாறு பலகையில் ஓடிவிடும், இறைச்சி சக்கையாகும். அரை மணித்தியாலம் ஆறவிட்டால் உள்ளிருக்கும் சாறு சற்றுத் தடித்து இறைச்சியிலேயே தங்கும். மேலே தாளை இறுக்கி மூடினால் ஆவியில் தோல் நமத்துவிடும், எனவே தளர்வாக மூடுங்கள்.

மாலை ஆறு மணிக்குச் சாப்பாடென்றால் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஐந்தரைக்கு வெட்ட வேண்டும், ஐந்துக்கு இறக்கியிருக்க வேண்டும், எனவே பன்னிரண்டரைக்கு ஓவனுக்குள் போக வேண்டும். சற்று முந்தி வெந்துவிட்டால் கவலையில்லை, பெரிய வான்கோழி நெடுநேரம் சூட்டைப் பிடித்திருக்கும். மிஞ்சியதை எலும்பிலிருந்து பிரித்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.