இஞ்சி டேப்பும் மூன்று சப்பாத்தியும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு 2023இல் வெளியானது. அதில் கோவாவுக்கு அடுத்து இரண்டாம் இடம் புதுச்சேரிக்கு. பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை. எனவே நம் கதைக்குக் குருவிநத்தத்தில் ஒரு தையல்காரரை வைத்துக்கொண்டால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

முன்பு மிஷினைக் காலால் மிதித்தவர்; மோட்டார் மாட்டியபின் அந்த அசைவும் நின்றது. சர்க்கரை ஏறியதும் காலையில் பாகூர்ப் பக்கம் அரைமணி நேரம் சைக்கிள், இரவில் சோற்றுக்குப் பதில் மூன்றே சப்பாத்தி என்று ஆரம்பித்தார். எண்ணித்தான் சாப்பிட்டார். ஆனாலும் சர்க்கரை பெரிதாக இறங்கவில்லை.

எழுபது கிலோ எடையுள்ளவர் நிதானமாக அரைமணி நேரம் மிதித்தால், சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய நூறு கலோரி. முப்பது கிராம் மாவில், எண்ணெய் இல்லாமல் சுட்ட ஒரு சப்பாத்தியிலும் அவ்வளவுதான். கணக்கு ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடுகிறது! அப்படியானால் சைக்கிள் வீணா? இல்லை. வேலை செய்யும் தசை, இன்சுலின் தயவில்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் ஒன்றிரண்டு நாள்வரை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கும். அதனால்தான் ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் ஓட்டுவதைவிட, இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விட்டுப்போகாமல் ஓட்டுவது முக்கியம்.

தவறு தட்டில் இருந்தது. அவர் மனதிலிருந்த சப்பாத்தி ஆறு அங்குலம். கழுத்தில் தொங்கிய இஞ்சி டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தால், வீட்டில் இடுவது எட்டு அங்குலம். இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். வட்டத்தின் பரப்போ விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும்: ஆறாறு முப்பத்தாறு, எட்டெட்டு அறுபத்து நான்கு. கனம் ஒன்றாகவே இருந்தாலும் மூன்று சப்பாத்தி ஐந்துக்கும் மேல் ஆகிவிட்டது. மேலே தடவிய எண்ணெய் ஒரு டீஸ்பூன் என்றால் இன்னொரு நாற்பத்தைந்து கலோரி. உருளைக்கிழங்கு குருமாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தேய்த்த பிறகு அளப்பதைவிட உருண்டையை நிறுப்பது நல்லது. பிசைந்த மாவு ஐம்பது கிராமுக்குள் இருந்தால், அதில் கோதுமை முப்பது கிராம் அளவுதான். கோதுமையே மருந்து என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். முப்பது கிராம் அரிசிக்கும் முப்பது கிராம் ஆட்டாவுக்கும் மாவுச்சத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆட்டாவில் நார் கூடுதல், அவ்வளவே. உங்களுக்கு எத்தனை சரி என்பதை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை அளவு சொல்லிவிடும்.

இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் சைக்கிள் மிதித்தால் சர்க்கரை சட்டென இறங்கலாம். கை நடுங்கி, வேர்த்து, படபடப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சட்டைப்பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். மாத்திரை அளவை நீங்களாகக் குறைக்காமல், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.