பாலூட்டும் தாயின் பத்தியம்: வாயுக் காய்கறிகளும் குளிர்ச்சி உணவுகளும்

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் வட்டாரம் உட்படத் தமிழ்நாட்டின் பல ஊர்களில், குழந்தை பெற்ற தாய்க்குப் பத்தியச் சாப்பாடு கொடுப்பது வழக்கம். உருளைக்கிழங்கு, வாழைக்காய், முட்டைக்கோசு, மொச்சை, கொண்டைக்கடலை, பலாப்பழம் ஆகியவை ‘வாயு’ என்று விலக்கப்படுகின்றன. தயிர், வெள்ளரி, பூசணி, இளநீர், ஆரஞ்சு, திராட்சை ஆகியவை ‘குளிர்ச்சி’ என்று விலக்கப்படுகின்றன. தாய் உண்பது பால் வழியாகக் குழந்தைக்கு வயிற்று வலியையும் சளியையும் கொடுக்கும் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். இந்த நம்பிக்கையில் எதற்குச் சான்று உள்ளது, எது வழக்கம் மட்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

தாயின் வயிற்று வாயு பாலில் சேருமா?

சேராது. மொச்சை, கடலை, முட்டைக்கோசு போன்றவற்றில் உள்ள சில சர்க்கரைகளும் நார்ச்சத்தும் சிறுகுடலில் செரிப்பதில்லை. அவை பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிரிகள் அவற்றைப் புளிக்கச் செய்கின்றன. வாயு அங்குதான் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஆசனவாய் வழியாக வெளியேறும். இரத்தத்தில் கலக்கும் சிறிதளவும் தாயின் மூச்சுக்காற்றில் வெளியேறிவிடும். தாய்ப்பாலோ குடலில் உருவாவதில்லை. இரத்தத்திலிருந்து வரும் சத்துக்களைக் கொண்டு மார்பகச் செல்கள் அதை உருவாக்குகின்றன. செரிக்காத சர்க்கரை இரத்தத்தில் சேராததால், அது பாலுக்கும் வராது.

ஆனால் இந்தக் காய்களைச் சாப்பிட்டால் தாயின் வயிறு உப்புவது உண்மை. அறுவைப் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில நாட்களில் அது வேதனையாகவும் இருக்கும். அந்நாட்களில் எளிதில் செரிக்கும் சூடான உணவை உண்பது பொருத்தமானதே. அது தாயின் வசதிக்காக. குழந்தையைக் காப்பதற்காக அன்று.

ஆய்வுகள் கூறுவது

1996-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முட்டைக்கோசு, பூக்கோசு, வெங்காயம், பசும்பால் ஆகியவற்றை உண்ட தாய்மார்கள் தங்கள் குழந்தைகள் அதிகம் அழுததாகச் சற்றுக் கூடுதலாகத் தெரிவித்தனர். அது தாய்மார்கள் எழுதி அனுப்பிய விடைகளை மட்டும் கொண்டது. ஓர் உணவின்மேல் ஏற்கெனவே ஐயம் கொண்டவர், அதை உண்ட நாளின் அழுகையை அதிகம் கவனிப்பது இயல்பு. இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் அமைப்பு, தாயின் உணவை மாற்றினால் குழந்தையின் வயிற்று வலி அழுகை குறையும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என 2018-இல் கூறியது.

பத்தியத்தில் தாராளமாகச் சேர்க்கப்படும் பூண்டின் வாசனையோ உண்மையிலேயே பாலில் சேரும். 1991-இல் பிலடெல்பியா நகரில் இது சோதிக்கப்பட்டது. தாய் பூண்டு உட்கொண்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாலின் வாசனை மாறியது. குழந்தைகள் அப்பாலை வெறுக்காமல் கூடுதல் நேரம் மார்பில் இருந்தன.

குளிர்ச்சி உணவும் சளியும்

தாய் குளிர்ந்த தயிரை உண்டாலும் இளநீர் அருந்தினாலும், பால் தாயின் உடல் வெப்பநிலையிலேயே சுரக்கும். குழந்தைக்குச் சளி பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருகிறது. சளி பிடித்தவர்களின் இருமல், தும்மல், கைகள் வழியாகப் பரவுகிறது. தாய்க்கே சளி இருந்தாலும் கை கழுவி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு பாலூட்டலாம். நோய் எதிர்ப்புப் பொருள்கள் பாலின் வழியே குழந்தைக்குக் கிடைக்கும். தெருவில் வெட்டி வைத்த பழம், தூய்மையற்ற பனிக்கட்டி ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. அதற்குக் காரணம் தூய்மைக் குறைவு, குளிர்ச்சி அன்று.

பத்தியம் பலித்ததாகத் தோன்றுவது ஏன்?

ஓர் எடுத்துக்காட்டு: நல்லூரில் ஒரு குழந்தை மூன்றாம் வாரம் முதல் மாலை வேளைகளில் அழத் தொடங்குகிறது. வீட்டார் தாய்க்கு உருளைக்கிழங்கை நிறுத்துகின்றனர். ஆறாம் வாரம் அழுகை மேலும் கூடுகிறது. பருப்பும் தயிரும் நிறுத்தப்படுகின்றன. பிறகு கீரையும் பழமும் நிறுத்தப்படுகின்றன. மூன்று மாதம் நிறைந்தபோது அழுகை அடங்குகிறது. பத்தியத்தால் குணமானதாக வீட்டார் கருதுகின்றனர்.

ஆனால் நலமான குழந்தைகளின் அழுகை இயல்பாகவே இரண்டு, மூன்று வாரங்களில் தொடங்கி, ஆறாம் வாரத்தையொட்டி உச்சமடைந்து, மூன்று நான்கு மாதங்களில் குறையும். எந்த உணவையும் நிறுத்தாவிட்டாலும் இதுவே நடந்திருக்கும். குழந்தை நன்றாகப் பால் குடித்து, நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடை கூடிவந்தால் பால் போதுமானது என்று பொருள்.

தாய் இழப்பது என்ன?

மேற்கண்ட தாய்க்கு எஞ்சியது சோறு, பூண்டுக் குழம்பு, மிளகு ரசம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கிலோ கலோரியும் ஏறத்தாழ 17 கிராம் புரதமும் கூடுதலாகத் தேவை. நார்ச்சத்தும் தண்ணீரும் குறைந்தால் மலச்சிக்கல் ஏற்பட்டு, தையலிட்ட இடத்தில் வலி கூடும்.

சில சத்துக்கள் தாயின் உணவில் குறைந்தால் பாலிலும் குறையும். வைட்டமின் பி1 அவற்றுள் ஒன்று. லாவோஸ் நாட்டில் பிரசவத்துக்குப் பின் தீட்டிய அரிசிச் சோற்றையே முதன்மையாக உண்டு பிற உணவுகளை விலக்கும் வழக்கம் உள்ளது. அங்கு தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்கு இச்சத்துக் குறைவால் ‘பெரிபெரி’ நோய் வந்து, இதயம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். நம் புழுங்கல் அரிசியில் இச்சத்து ஓரளவு தங்குவதால் இந்த ஆபத்து குறைவு. எனினும் பச்சரிசிச் சோற்றை மட்டும் உண்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பருப்பும், இப்பகுதியில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையும் இச்சத்தை நன்கு தருபவை.

உணவால் உண்மையில் பாதிப்பு வரும் குழந்தைகள்

சில குழந்தைகளுக்குப் பசும்பால் புரதம் ஒவ்வாது. தாய் அருந்தும் பாலின் புரதத்தில் மிகச் சிறு பகுதி தாய்ப்பாலில் சேர்வதே காரணம். மலத்தில் இரத்தம் அல்லது சளி, அடங்காத வாந்தி, தோலில் கரப்பான், எடை கூடாமை ஆகியவை இதன் அறிகுறிகள். அழுகை மட்டும் இதற்கு அடையாளம் ஆகாது.

ஐயம் இருந்தால் மருத்துவரின் ஆலோசனையுடன் இவ்வாறு சோதிக்கலாம்:

1. பால், தயிர், மோர், பால்பொடி கலந்த மாவு, பிஸ்கட் ஆகியவற்றைத் தாய் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்த வேண்டும். பிற உணவுகளை நிறுத்தக் கூடாது.
2. அறிகுறி குறையாவிட்டால் அவற்றை மீண்டும் உண்ணலாம்.
3. குறைந்தால், மருத்துவர் கூறும்போது மீண்டும் பால் அருந்திப் பார்க்க வேண்டும். அறிகுறி திரும்பினால் மட்டுமே ஒவ்வாமை உறுதியாகும்.

இக்காலத்தில் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. பிரசவத்துக்குப் பின் 180 நாட்களுக்கு வழங்கப்படும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்து உட்கொள்ளக் கூடாது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை

குழந்தைக்குக் காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், வேகமான மூச்சு அல்லது மூச்சுத்திணறல், அழும் குரல் கம்முதல் அல்லது எழாதிருத்தல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாயின் உணவை மாற்றிப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழைக்கவும். உணவு பற்றிய ஐயங்களுக்குக் கிராம சுகாதார செவிலியரை அணுகலாம்; 104 என்ற எண்ணிலும் கேட்கலாம்.